ஒரே மானிட்டர், பகலில் அலுவலக வேலை, இரவில் படம்: வண்ண வெளியும் வெளிச்சமும் எப்படி வைப்பது?

அரைத்தூக்கம்

வணக்கம். என்னிடம் 27 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று இருக்கிறது. பி3 வண்ண வெளியில் 95 சதவீதம், அதிகபட்ச வெளிச்சம் 350 நிட் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். எச்டிஆர் உண்டு என்றும் போட்டிருக்கிறது, நான் அதைத் தொடவில்லை.

பகலில் அலுவலக மடிக்கணினியை யூஎஸ்பி-சி கேபிளில் இணைக்கிறேன். அதில் எந்த மென்பொருளையும் நிறுவ அனுமதி கிடையாது. இரவில் படம் பார்ப்பது என் சொந்தக் கணினியில். அது எச்டிஎம்ஐ வழியாக வருகிறது, விண்டோஸ் 11.

தொல்லை இரண்டு. பகலில் எக்செல்லின் வெள்ளை கண்ணைக் குத்துகிறது. இரவில் படத்தில் எல்லார் முகமும் வெயிலில் நின்று வந்ததுபோல் சிவந்து கிடக்கிறது, புல்வெளி பச்சை மையைக் கொட்டியது மாதிரி இருக்கிறது.

மானிட்டர் மெனுவில் `User`, `sRGB`, `DCI-P3`, `Movie` என்று நான்கு முறைகள். `sRGB` வைத்தால் முகம் சரியாகிவிடுகிறது. ஆனால் அதில் பிரைட்னெஸ் வரி மங்கிப்போய் நகர மறுக்கிறது. அது நிற்கும் அளவு இருட்டறைக்கு மிக அதிகம். படத்துக்கு `DCI-P3`தான் சரி என்று ஒருவர் சொன்னார், அதிலும் முகம் சிவப்பாகத்தான் இருக்கிறது. எதை எதற்கு வைப்பது?

குமிழி

சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். திரையரங்கப் படங்கள் டிசிஐ-பி3யில்தான் தயாராகின்றன. எஸ்ஆர்ஜிபி 1990களின் பழைய குழாய்த் திரைக்காக வந்தது, வண்ணம் குறைவு. இவ்வளவு அகலமான வண்ணம் தரும் பேனலை வாங்கிவிட்டு எஸ்ஆர்ஜிபியில் பூட்டி வைத்தால் என்ன பயன்? முகம் சிவப்பாகத் தெரிவது பழக்கமின்மை. சில நாளில் கண் பழகிவிடும், அப்புறம் மற்ற மானிட்டர்தான் வெளுத்துத் தெரியும்.

தறிகாரன்

குமிழி சொன்னதில் முதல் வரி உண்மை. திரையரங்குக்குப் போகும் பிரதி பி3தான். ஆனால் அரைத்தூக்கம் வீட்டில் பார்ப்பது அந்தப் பிரதி அல்ல. எச்டிஆர் இல்லாத ஸ்ட்ரீமிங், புளூ-ரே, தரவிறக்கிய கோப்பு எல்லாமே ரெக் 709 வண்ண வெளிக்கு மாற்றப்பட்டு வருகின்றன. ரெக் 709க்கும் எஸ்ஆர்ஜிபிக்கும் அடிப்படைச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளைப் புள்ளி நான்கும் ஒன்றே. அதனால்தான் `sRGB` முறையில் முகம் சரியாகத் தெரிந்தது.

நடப்பது என்னவென்றால், கோப்பில் ஒரு புள்ளிக்கு வெறும் எண்தான் இருக்கிறது. சிவப்பு 255 என்றால் "உன்னிடம் உள்ள முழுச் சிவப்பைக் காட்டு" என்று மானிட்டர் எடுத்துக்கொள்கிறது. படத்தை வண்ணம் பார்த்துத் திருத்தியவரின் திரையில் முழுச் சிவப்பு என்பது ரெக் 709இன் சிவப்பு, சற்றே ஆரஞ்சு பக்கம் சாய்ந்தது. உங்கள் பேனலின் முழுச் சிவப்பு அதைவிட ஆழமானது. இடையில் யாரும் மொழிபெயர்க்காததால் எல்லா எண்களும் வெளிப்பக்கம் இழுபடுகின்றன. தோல் நிறத்தில் சிவப்புதான் மேலோங்கி இருப்பதால் முதலில் மாட்டுவது முகம்.

`DCI-P3` முறை எதையும் மாற்றித் தருவதில்லை. பேனலை பி3 அளவில் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே. சில மானிட்டர்களில் அந்த முறை திரையரங்கு அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளும்: காமா 2.6, லேசாகப் பச்சை தட்டிய வெள்ளை. அப்போது நிழல் பகுதிகளும் சேர்ந்து அமுங்கிப்போகும்.

கண் பழகிவிடும் என்பதும் உண்மைதான். தவறான வண்ணத்துக்கும் கண் பழகும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

குமிழி

சரி, ஸ்ட்ரீமிங் பிரதி 709 என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அழுத்தமான வண்ணம்தான் பிடிக்கிறது. அது என் விருப்பம்.

தறிகாரன்

தாராளமாக. கேட்டவருக்குச் சிவந்த முகம் பிடிக்கவில்லை என்பதுதான் இங்கே கேள்வி.

செம்பருத்தி

கண் குத்துவதற்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். விண்டோஸில் நைட் லைட் இருக்கிறது. நான் காலையிலிருந்தே அதைப் போட்டுவிடுகிறேன், திரை மஞ்சளாகிவிடும், கண் வலி வராது. எனக்கு முன்பு மாலையானால் தலைவலி வந்துவிடும். பிரைட்னெஸை 10க்குக் கீழே குறைத்தும் பார்த்தேன், தலைவலி கூடியதே தவிர குறையவில்லை.

தறிகாரன்

செம்பருத்தி, நைட் லைட் நீலத்தை வெட்டுவதால் மொத்த வெளிச்சமும் கொஞ்சம் இறங்கும், அதனால் இதமாகத் தெரியலாம். எண்களைத் தட்டும் எக்செல் தாளுக்கு இது போதும். படம் பார்க்கும்போது மட்டும் கட்டாயம் அணைக்க வேண்டும், இல்லையென்றால் வண்ண வெளி பற்றி நாங்கள் பேசுவதெல்லாம் வீண்.

குறைத்தால் தலைவலி கூடியது என்கிறீர்களே, அது வேறு விஷயமாக இருக்கலாம். சில மானிட்டர்கள் பின்விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கும். பிரைட்னெஸ் இறங்க இறங்க அணைந்திருக்கும் நேரம் நீளும், சிலருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். பென்சிலின் நிழல் வழுவழுவென்று மங்காமல் தனித்தனிக் கம்பிகளாகத் தெரிந்தால் பின்விளக்கு துடிக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் பிரைட்னெஸை ரொம்ப இறக்காமல், அறை விளக்கைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வதுதான் வழி.

செம்பருத்தி

ஆட்டிப் பார்த்தேன். கம்பி மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தறிகாரன்

அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, பிரைட்னெஸ் 100இல் ஒரு முறை, 10இல் ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்றால் தலைவலிக்குக் காரணம் இது இல்லை.

இனி அரைத்தூக்கத்தின் கேள்விக்கு. வெளிச்சத்தை முதலில் முடிப்போம், அதுதான் எளிது.

அலுவலக வேலைக்கு அளவுகோல் மேசையிலேயே இருக்கிறது: ஒரு வெள்ளைத் தாள். திரையின் வெள்ளையும் பக்கத்தில் உள்ள தாளின் வெள்ளையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருந்தால் கண் திரைக்கும் மேசைக்கும் போய்வரும்போது மாறி மாறித் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு சாதாரண வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதம் போலத் திருப்பி அனுப்பும். கணக்கு போட்டால், மேசையில் விழும் லக்ஸை நான்கால் வகுத்தால் தாளின் வெளிச்சம் நிட்டில் கிடைத்துவிடும். 500 லக்ஸ் என்றால் சுமார் 125 நிட். 300 லக்ஸ் என்றால் 75 நிட். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி போட்டு, கைப்பேசியை மேசையில் மல்லாக்க வைத்துப் பாருங்கள். துல்லியம் கிடையாது, ஆனாலும் 200ஆ 600ஆ என்று தெரிந்துவிடும்.

உங்கள் மானிட்டர் 350 நிட். கடையிலிருந்து வந்த அளவிலேயே விட்டிருந்தால் தாளைவிட இரண்டு மூன்று மடங்கு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். குத்தத்தான் செய்யும்.

அரைத்தூக்கம்

ஜன்னல் பக்கம் என்பதால் பகலில் 600 லக்ஸ் காட்டுகிறது. அப்படியென்றால் 150 நிட். ஆனால் மெனுவில் 0 முதல் 100 வரைதானே இருக்கிறது, 150 நிட் என்பது எந்த எண்?

தறிகாரன்

உங்கள் மாடலை அளவீட்டுக் கருவி வைத்துப் பார்த்த விமர்சனம் ஏதாவது இருந்தால், பிரைட்னெஸ் 0இல் எத்தனை நிட் என்று போட்டிருப்பார்கள். அந்த எண் கிடைத்தால் போதும். இடைப்பட்டது பெரும்பாலான மானிட்டர்களில் கிட்டத்தட்ட நேர்கோட்டில் ஏறும்.

அரைத்தூக்கம்

கிடைத்தது. 0இல் 50 நிட் என்கிறார்கள். 100இல் 350 தான்.

தறிகாரன்

அப்படியானால் மெனுவின் ஒவ்வொரு படிக்கும் 3 நிட். 150 வேண்டுமென்றால் 50க்கு மேல் இன்னும் 100, அதாவது 33. பகலுக்கு 33 வைத்துப் பாருங்கள். வைத்ததும் ஒரே வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் தாளைப் பிடித்து, இரண்டும் ஒரே சட்டகத்தில் வரும்படி கைப்பேசியில் படம் எடுங்கள். கண் ஏமாறும், கேமரா அவ்வளவு எளிதில் ஏமாறாது. எது வெளுத்துப்போய் விழுகிறதோ அது அதிகம். நிறத்தைப் பொருத்த முயல வேண்டாம். மஞ்சள் விளக்கின் கீழ் தாள் மஞ்சளாகத்தான் இருக்கும். திரையை அதோடு சேர்க்கப் போனால் 6500 கெல்வினிலிருந்து எங்கோ போய்விடுவீர்கள்.

`Contrast` வரியைத் தொடாதீர்கள், வந்த இடத்திலேயே இருக்கட்டும். எல்சிடியில் `Brightness` பின்விளக்கை மாற்றுகிறது, `Contrast` படத்தின் எண்களையே வெட்டுகிறது. அப்புறம் எகோ முறை, டைனமிக் கான்ட்ராஸ்ட், அறை ஒளிக்கு ஏற்பத் தானாக மாறும் வசதி எதுவும் ஓடக் கூடாது. ஓடினால் நாம் போட்ட 33க்கு மதிப்பே இல்லை.

ஓயாஅலை

லினக்ஸ்காரர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. மானிட்டரின் பொத்தானை அமுக்கி அமுக்கி விரல் தேய வேண்டாம், `ddcutil` இருக்கிறது. 10 என்பது பிரைட்னெஸுக்கான எண், அதற்கு அடுத்து வருவது நீங்கள் கேட்கும் அளவு:

```
ddcutil getvcp 10
ddcutil setvcp 10 33
```

இதை இரண்டு விசைச் சேர்க்கைகளில் கட்டி வைத்திருக்கிறேன், ஒன்று வேலைக்கு, ஒன்று படத்துக்கு. விண்டோஸில் இதே வேலையை `Twinkle Tray`, `Monitorian` இரண்டும் செய்யும். மானிட்டர் மெனுவில் `DDC/CI` இயங்கும் நிலையில் இருக்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சூரியன் நகர நகர நிமிடத்துக்கு ஒரு தரம் மாற்றும் ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிடாதீர்கள். சில மானிட்டர்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் உள்நினைவில் எழுதி வைக்கும், அந்த நினைவகம் எழுதித் தேயும் வகை.

அரைத்தூக்கம்

33 பகலுக்கு நன்றாகவே இருக்கிறது. முதல் ஐந்து நிமிடம் திரை செத்துப்போன மாதிரித் தெரிந்தது, அப்புறம் மறந்தே போனேன்.

இது `User` முறையில். அலுவலக வேலைக்கும் `sRGB`க்கு மாற வேண்டுமா? அதில் பிரைட்னெஸ் பூட்டிக் கிடக்கிறதே.

தறிகாரன்

எக்செல், மின்னஞ்சல், நிரல் எழுதுவது என்றால் வேண்டியதில்லை. வெள்ளையும் கறுப்பும் சாம்பலும் எந்த வண்ண வெளியிலும் ஒன்றுதான், இழுபடுவது அழுத்தமான நிறங்கள் மட்டுமே. எக்செல்லின் பச்சைப் பட்டி கொஞ்சம் பளிச்சென்று இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

பனைமரம்

இங்கேதான் நான் உடன்படவில்லை. நான் விளக்கப்படங்கள், அறிக்கை அட்டைகள் தயாரிப்பவள். அகலத் திரையில் பார்த்துப் பார்த்து நிறத்தைத் தணித்துக்கொண்டே போவோம், சாதாரணத் திரையில் திறப்பவருக்கு அது சோகையாகப் போய்ச் சேரும். எங்கள் குழுவில் இது நடந்திருக்கிறது. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை கொஞ்சம் இருந்தாலும் எஸ்ஆர்ஜிபி தேவை.

என் கணினி மேக். அதில் கதை நேர் எதிர்: மானிட்டரை அகல முறையிலேயே விட்டுவிட்டு, மேக்கின் வண்ண சுயவிவரத்தில் அந்த மானிட்டருக்கு உரியதைத் தேர்ந்தால் மீதியை அதுவே மாற்றித் தருகிறது. மானிட்டரை `sRGB`க்கு மாற்றினால் மேக்கிலும் எஸ்ஆர்ஜிபி சுயவிவரத்தைத் தேர வேண்டும். இரண்டும் ஒன்றையே சொல்ல வேண்டும் என்பதுதான் விதி. அரைத்தூக்கம் அந்த அலுவலகக் கணினியில் இப்படிச் செய்ய முடியாதா?

தறிகாரன்

பனைமரம் சொல்வது நியாயம், உங்கள் வேலைக்கு அது தேவை. நான் நிறம் தேர்ந்தெடுக்காத வேலையைச் சொன்னேன்.

விண்டோஸ் வழக்கமாக மேக் மாதிரி நடந்துகொள்ளாது. சுயவிவரம் ஏற்றினாலும் அதைப் படித்து வண்ணத்தை மாற்றுவது அந்தந்தச் செயலியின் பொறுப்பு. பல வீடியோ இயக்கிகள் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் விண்டோஸ் 11இன் 22H2 பதிப்பிலிருந்து மொத்தத் திரைக்கும் சேர்த்து மாற்றித் தரும் வசதி வந்திருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு ரொம்பப் பழையதாக இருந்தால் காட்டாது. `Settings`இல் `System`, `Display` போய், பதிப்பைப் பொறுத்து `Advanced display` அல்லது `Color profile` பகுதியில் `Automatically manage color for apps` என்று ஒரு பொத்தான் இருக்கும்.

அதைப் போட்டால் மானிட்டர் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் தகவலைப் படித்து, "இது அகலப் பேனல், எஸ்ஆர்ஜிபி சிவப்பு வேண்டுமென்றால் எவ்வளவு எண் அனுப்ப வேண்டும்" என்று கணக்குப் போட்டு அனுப்பும். மானிட்டர் `User` முறையில் இருக்கும், பிரைட்னெஸ் உங்கள் கையில் இருக்கும், முகம் ஒழுங்காக இருக்கும். அரைத்தூக்கம், சொந்தக் கணினியில் உங்களுக்கு மானிட்டரின் `sRGB` முறையே தேவையில்லை.

குமிழி

இதற்கு எச்டிஆரைப் போட்டுவிட்டால் முடிந்ததே. எச்டிஆர் ஓடும்போது விண்டோஸ் சாதாரண உள்ளடக்கத்தை எஸ்ஆர்ஜிபிக்குள் தானே வைத்துக்கொள்ளும். எப்போதும் எச்டிஆரில் வைத்திருக்கிறேன், சிக்கலே இல்லை.

தறிகாரன்

வண்ணத்தைப் பொறுத்தவரை சரி. ஆனால் உங்களுடையது ஓலெட் என்று வேறொரு இழையில் எழுதியிருந்தீர்கள். இவருடையது பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யாத ஐபிஎஸ். எச்டிஆர் போட்டால் இப்படிப்பட்ட மானிட்டர்கள் பல பின்விளக்கை உச்சிக்கு ஏற்றிப் பூட்டிவிடும். ஐபிஎஸ்சின் கான்ட்ராஸ்ட் ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்தால், 350 நிட்டில் கறுப்பு 0.35 நிட். பின்விளக்கு 100 நிட்டில் இருந்தால் அதே கறுப்பு 0.1 நிட். இருட்டறையில் முதலாவது கறுப்பே அல்ல, சாம்பல் திரை. விண்டோஸில் சாதாரண உள்ளடக்கத்தின் வெளிச்சத்தைக் குறைக்கும் வரி ஒன்று உண்டு, அது வெள்ளையைத்தான் இறக்கும். கறுப்பு அங்கேயே நிற்கும்.

குமிழி

ஓலெட் என்பதை மறந்து எழுதிவிட்டேன். என்னிடம் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், அந்தத் தொல்லை இல்லை. பணிப்பட்டி எரிந்து பதிந்துவிடுமோ என்ற பயம்தான் எனக்கு.

அரைத்தூக்கம்

பொத்தான் இருக்கிறது, போட்டேன். இப்போது முகமெல்லாம் சோகை பிடித்த மாதிரி வெளுத்துவிட்டது! சிவப்புச் சேலை செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. முன்பு அதிகம், இப்போது குறைவு.

பனைமரம்

எச்டிஎம்ஐ பக்கம் மானிட்டர் இன்னும் `sRGB` முறையில் இருக்கிறதா பாருங்கள். இரண்டு பேரும் சுருக்குகிறார்கள் போலத் தெரிகிறது.

தறிகாரன்

அதேதான். விண்டோஸ் அகலப் பேனல் என்று நம்பி எண்களைக் குறைத்து அனுப்புகிறது. மானிட்டரோ `sRGB` முறையில் இருப்பதால் வந்ததை மறுபடி சுருக்குகிறது. முகம் சிவந்தால் யாரும் மாற்றவில்லை, வெளுத்தால் இரண்டு பேர் மாற்றுகிறார்கள். பல மானிட்டர்கள் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி அமைப்பை நினைவில் வைக்கும். நீங்கள் `User`க்கு மாற்றியது யூஎஸ்பி-சியில் இருந்தபோது.

அரைத்தூக்கம்

ஆமாம், எச்டிஎம்ஐயில் `sRGB`தான் இருந்தது. `User` வைத்ததும் முகம் முகமாகிவிட்டது. `sRGB` முறையோடு மாற்றி மாற்றிப் பார்த்தேன், வண்ணம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி நினைவு இருப்பதும் வசதிதான், யூஎஸ்பி-சியில் 33 அப்படியே நிற்கிறது.

படத்துக்கு எத்தனை வைப்பது?

தறிகாரன்

வீட்டுத் திரைக்கான எச்டிஆர் அல்லாத படங்களை மங்கலான அறையில், வெள்ளை 100 நிட் இருக்கும் திரையில் பார்த்துத்தான் வண்ணம் திருத்துகிறார்கள். உங்கள் கணக்கில் அது 17. திரையரங்கின் வெள்ளையே 48 நிட்தான் என்பதை நினைத்துக்கொண்டால் 100 குறைவாகத் தோன்றாது. அறை முழு இருட்டு என்றால் 10 வரை, அதாவது 80 நிட் வரை இறக்கலாம். அதைவிட நல்லது, மானிட்டருக்குப் பின்னால் சுவரில் விழும்படி 6500 கெல்வின் வெள்ளை விளக்கு ஒன்றை மங்கலாக வைப்பது. திரை வெள்ளையின் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் சுவரில் இருந்தால் போதும். ஐபிஎஸ்சின் வெளிறிய கறுப்பு அந்தச் சுவருக்கு முன்னால் கறுப்பாகத் தெரியும். கண்ணுக்கும் இதம்.

ஓயாஅலை

விண்டோஸில் அந்தப் பொத்தான் வராத பழைய கணினிக்காரர்கள் படத்தை எம்பிவி இயக்கியில் பார்த்தால், இயக்கியே மாற்றித் தரும். அமைப்புக் கோப்பில் ஒரே வரி:

```
target-prim=display-p3
```

95 சதவீத பி3 பேனலுக்கு இது போதுமான அளவு நெருக்கம். விண்டோஸ் பொத்தானையும் போட்டு இதையும் போட்டால் மேலே நடந்த சோகைக் கதையேதான்.

அரைத்தூக்கம்

17 வைத்துப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஆனால் கறுப்பு இன்னும் லேசாகச் சாம்பலாகத்தான் இருக்கிறது. இது ஐபிஎஸ்சின் குணம் என்று விட்டுவிடலாமா? அலுவலகக் கணினியில் இவ்வளவு தெரியவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

தறிகாரன்

அந்த உறுத்தல் சரியான உறுத்தல். பேனலின் குணம் என்றால் இரண்டு கணினியிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மேலும் ஐபிஎஸ்சின் வெளிறல் மூலைகளில் கூடும், தலையை நகர்த்தினால் கூடவே நகரும். உங்களுடையது திரை முழுக்கச் சீராக இருந்து, வெள்ளையும் கொஞ்சம் மங்கியிருந்தால், எச்டிஎம்ஐயில் கணினி 16 முதல் 235 வரையிலான எண்களை அனுப்புகிறது, மானிட்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்க்கிறது. அப்போது கறுப்பு என்று வருவது 16, அது சாம்பல்தான். தொலைக்காட்சி என்று நினைத்துக்கொண்டு கிராபிக்ஸ் டிரைவர் இப்படிச் செய்வதுண்டு.

கிராபிக்ஸ் அமைப்பில் வெளியீட்டு வீச்சு `Limited` என்றிருந்தால் `Full` ஆக்குங்கள். அதே இடத்தில் வண்ண வடிவம் `RGB` என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 4:2:0 போல ஏதாவது இருந்தால் படத்தில் தெரியாது, கறுப்பின் மேல் சிவப்பு எழுத்து மட்டும் ஓரம் கலங்கித் தெரியும்.

அரைத்தூக்கம்

`Limited`தான் இருந்தது. `Full` ஆக்கியதும் கறுப்பு இறங்கிவிட்டது. மூலையில் கொஞ்சம் வெளிறல் இருக்கிறது, அது தலையோடு நகர்கிறது, ஆக அது பேனல்.

கடைசியாக ஒன்று. மெனுவில் காமா 1.8, 2.0, 2.2, 2.4 என்று இருக்கிறது. 2.2இல் இருக்கிறது. படத்துக்கு 2.4 என்று எங்கோ படித்தேன்.

தறிகாரன்

இருட்டறையில் 2.4. படத்தைத் திருத்தும் திரைகள் பின்பற்றும் பிடி 1886 அந்த வளைவைத்தான் ஒட்டிப் போகிறது. பகலில் 2.2, இல்லையென்றால் ஜன்னல் வெளிச்சத்தில் நிழல் விவரம் எல்லாம் காணாமல் போகும்.

ஓயாஅலை

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பிடி 1886 திரையின் கறுப்பு அளவையும் கணக்கில் எடுக்கிறது. கறுப்பு 0.1 நிட் இருக்கும் ஐபிஎஸ்சில் அந்தக் கணக்கு நிழல் பகுதியை 2.4ஐவிடத் தூக்கித்தான் வைக்கும். மெனுவில் வெறும் 2.4 என்று போட்டால் இருட்டுக் காட்சிகள் அமுங்கும். 2.2இலேயே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. போதாததற்கு மெனுவில் 2.4 என்று எழுதியிருப்பது உண்மையில் 2.4தானா என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும்.

தறிகாரன்

கறுப்பைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 2.2இல் இரவுக் காட்சிகள் பால் கலந்த மாதிரித் தெரிகின்றன என்பதும் என் கண் பார்த்தது. மானிட்டருக்குப் பின்னால் சுவர் விளக்கு இருந்தால் 2.2, முழு இருட்டு என்றால் 2.4 என்று நான் பிரித்துக்கொள்கிறேன்.

ஓயாஅலை

முழு இருட்டிலும் நான் 2.2தான்.

அரைத்தூக்கம்

இருட்டுக் காட்சி அதிகம் உள்ள படம் ஒன்றை எடுத்து, கறுப்புக் கோட்டின் மடிப்பு தெரிகிறதா இல்லையா என்று இரண்டிலும் பார்க்கிறேன். சுவர் விளக்கு இன்னும் வாங்கவில்லை, அதனால் இப்போதைக்கு முழு இருட்டுதான்.

செம்பருத்தி

விளக்கை அணைத்துவிட்டுப் பென்சில் ஆட்டினேன். 10இல் கம்பி கம்பியாகத் தெளிவாகவே தெரிகிறது, 100இல் இல்லை. எந்த அளவிலிருந்து கம்பி மறைகிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். 40இல் இன்னும் இருக்கிறது.